மூடிய மில்லும் இருபது மதிப்பெண்ணும்

மேலாண்மை, சமூகப்பணி, உளவியல், சமூகவியல் பாடங்களின் வினாத்தாளில் கடைசிப் பகுதி பெரும்பாலும் கேஸ் ஸ்டடியாக இருக்கும். பத்துப் பன்னிரண்டு வரியில் ஒரு நிகழ்வைச் சொல்லி, அதைக் கோட்பாடுகளின் துணையோடு விளக்கச் சொல்வார்கள். கோட்பாடு தெரியாததால் இதில் மதிப்பெண் இழப்பவர்கள் குறைவு. தெரிந்த கோட்பாட்டை ஒரு பக்கம் எழுதி, கதையை இன்னொரு பக்கம் திருப்பிச் சொல்லி, இரண்டையும் சேர்க்காமல் விடுவதால் இழப்பவர்களே அதிகம். தொழிற்சாலை மூடல் பற்றிய ஒரு மாதிரி வினாவை முழுமையாகப் போட்டுப் பார்த்தால், இரண்டும் எந்த இடத்தில் சேர வேண்டும் என்பது தெரியும்.

மாதிரிப் பத்தி இது:

"ஒரு சிறிய நூற்பாலையில் 90 பேர் வேலை செய்தனர். பெரும்பாலோர் 15 ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர்கள். நஷ்டம் காரணமாக 60 நாளில் ஆலை மூடப்படும் என்ற நோட்டீஸ் ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் ஒட்டப்பட்டது. சூப்பர்வைசர்களுக்கு அது இரண்டு வாரம் முன்பே தெரியும். இழப்பீடு, கிராஜுவிட்டி, பி.எஃப். எல்லாம் சொன்ன தேதியில் முழுமையாகக் கிடைத்தன. ஆனாலும் கடைசி இரண்டு வாரத்தில் உதிரிப் பாகங்கள் பல காணாமல் போயின. 12 பேருக்கு மட்டும் முதலாளியின் இன்னொரு மில்லில் வேலை கிடைத்தது. அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று யாருக்கும் சொல்லப்படவில்லை. மூன்று மாதம் கழித்தும் ஒரு ஃபிட்டர் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் புறப்படுவது போலவே புறப்பட்டு, கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். வைண்டிங் பிரிவில் இருந்த ஒரு பெண், 'பணம் வந்துருச்சு, பேசத்தான் ஆள் இல்ல' என்கிறார். இளைஞர் ஒருவர் இழப்பீட்டுப் பணத்தில் பழைய ஆட்டோ வாங்கி ஓட்டுகிறார். மில்லில் இருந்ததைவிட இப்போது நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்."

வினா: "தொழிலாளர்களின் எதிர்வினையை ஏற்ற இரு கோட்பாடுகளைக் கொண்டு ஆராய்க. நிர்வாகம் வேறுவிதமாக என்ன செய்திருக்கலாம் என்று பரிந்துரைக்க. 20 மதிப்பெண்."

முதல் ஏழு நிமிடம்

மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண்ணுக்கு எழுதும் தேர்வு என்றால், இருபது மதிப்பெண்ணுக்கு 36 நிமிடம் கிடைக்கும். அதில் ஆறேழு நிமிடத்தைப் படிப்பதற்கும் குறிப்பதற்கும் ஒதுக்கினால் நட்டமில்லை.

முதலில் படிக்க வேண்டியது பத்தியை அல்ல, வினாவை. இந்த வினா கேட்பது தொழிலாளர்களின் எதிர்வினை. ஆலைக்கு ஏன் நஷ்டம் வந்தது, மூடியது சரியா, தொழிலாளர் சட்டம் என்ன சொல்கிறது என்பவை கேட்கப்படவில்லை. அவற்றை எவ்வளவு சரியாக எழுதினாலும் மதிப்பெண் வராது. "விவரிக்க" என்று கேட்கவில்லை, "ஆராய்க" என்று கேட்டிருக்கிறார்கள். நடந்ததைச் சொன்னால் போதாது, ஏன் அப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு கோட்பாடு என்று எண்ணிக்கையும் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாறு பெயர்களை வரிசையாக அடுக்கினால் எதற்கும் ஆழம் இருக்காது.

பிறகு பத்தியைப் படித்து, காரணம் கேட்கும் வரிகளின் கீழே கோடு போட வேண்டும். இந்தப் பத்தியில் விடுகதை போல நிற்கும் இடங்கள் மூன்று. பணம் முழுதாகக் கிடைத்தும் ஏன் பொருள் திருடு போனது? வேலை இல்லாத ஃபிட்டர் ஏன் ஆறு மணிக்குப் புறப்படுகிறார்? எல்லோரும் சோர்ந்திருக்க, ஆட்டோ ஓட்டும் இளைஞர் மட்டும் ஏன் நன்றாக இருக்கிறார்? பொது அறிவை வைத்துச் சட்டென்று பதில் சொல்ல முடியாத இந்த இடங்களில்தான் கோட்பாட்டுக்கு வேலை இருக்கிறது. வினா தயாரிப்பவர் இத்தகைய வரிகளைத் தற்செயலாக எழுதுவதில்லை.

கோட்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

மனப்பாடமாக இருக்கும் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு அதற்குத் தோதான வரியைப் பத்தியில் தேடுவது பலரின் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். விடுகதையை முதலில் எடுத்து, அதை அவிழ்க்கும் கோட்பாடு எது என்று பார்க்க வேண்டும். மாஸ்லோவின் தேவைப் படிநிலை எல்லோருக்கும் தெரியும் என்பதால் இந்த வினாவுக்கும் அதையே பலர் எழுதுவார்கள். ஆனால் பாதுகாப்புத் தேவை போனது, சமூகத் தேவை போனது என்று பெயர் சூட்டுவதோடு அது நின்றுவிடுகிறது. உதிரிப் பாகங்கள் ஏன் காணாமல் போயின என்பதற்கு அதில் விடை இல்லை.

ஃபிட்டரையும் வைண்டிங் பெண்ணையும் விளக்க, மாரி யஹோடாவின் கோட்பாடு நேராகப் பொருந்தும். ஆஸ்திரியாவில் வியன்னா அருகே மாரியென்டால் என்ற ஊர் ஒரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1930ஐ ஒட்டி அந்த ஆலை மூடப்பட்டபோது ஏறத்தாழ ஊரே வேலையிழந்தது. யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் ஆகியோர் அங்கே செய்த ஆய்வு 1933இல் நூலாக வந்தது. மக்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் எடுக்கப்பட்ட புத்தகங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் நடப்பவர்களின் வேகத்தை ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். அன்று முழுவதும் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆண்களால் சில வரிகளுக்கு மேல் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கு வீட்டு வேலை நாளை வகுத்துக் கொடுத்ததால் நேரம் அந்த அளவு குலையவில்லை. ஆனால் பணத்துக்காக மட்டுமின்றி, ஆலைக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அவர்களில் பலர் விரும்பினார்கள்.

இதிலிருந்து யஹோடா பிற்காலத்தில் ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். வேலை தரும் வெளிப்படையான பயன் சம்பளம். அதோடு யாரும் திட்டமிடாமலே கிடைக்கும் மறைபயன்கள் ஐந்து: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே பழக்கம், பலரோடு சேர்ந்த ஒரு குறிக்கோள், சமூகத்தில் ஓர் அடையாளம், தொடர்ந்து ஏதாவது செய்யும் கட்டாயம். வேலை போனால் சம்பளத்துக்கு ஈடு கொடுக்க முடியும். இந்த ஐந்தும் சேர்ந்தே போய்விடுகின்றன என்பது அவர் வாதம்.

திருட்டை விளக்க நிறுவன நீதிக் கோட்பாடு உதவும். கிடைத்தது நியாயமா என்பது பங்கீட்டு நீதி. அந்த முடிவை எடுத்த விதம் நியாயமா என்பது நடைமுறை நீதி. முடிவைச் சொன்னவர்கள் மரியாதையோடும் காரணத்தோடும் சொன்னார்களா என்பது உறவாடல் நீதி. மூன்றும் தனித்தனியானவை, முதலாவது சரியாக இருந்தும் மற்ற இரண்டும் கெட்டுப்போகலாம்.

இதற்கு ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகளில் இரண்டில், ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால் பத்து வாரத்துக்குச் சம்பளம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் தலைவரே நேரில் வந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். இன்னொன்றில் கால் மணி நேரத்தில் செய்தியை மட்டும் சொல்லி முடித்துவிட்டார்கள். குறைக்கப்பட்ட சம்பளம் இரண்டிலும் ஒன்றுதான். பொருள் திருட்டு இரண்டிலும் கூடியது. ஆனால் சரியாக விளக்கம் சொல்லாத ஆலையில் மிக அதிகமாகக் கூடியது.

பொருத்துவது என்றால் என்ன

பொருத்துவதில் மூன்று பொருள் இருக்க வேண்டும்: பத்தியிலிருந்து ஒரு வரி, கோட்பாட்டிலிருந்து ஒரு கூறு, இரண்டையும் சேர்க்கும் ஒரு காரணம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அது பொருத்தம் ஆகாது. இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதல் மாதிரி: "யஹோடாவின் கூற்றுப்படி வேலைக்கு ஐந்து மறைபயன்கள் உள்ளன. அவை கால ஒழுங்கு, சமூகப் பழக்கம், கூட்டுக் குறிக்கோள், அடையாளம், செயல்பாடு ஆகும். இந்த நிகழ்வில் தொழிலாளர்கள் இவை அனைத்தையும் இழந்தனர். எனவே அவர்கள் மன உளைச்சலுக்கு ஆளாயினர்."

இதில் பிழையான தகவல் இல்லை. ஆனால் பத்தியையே படிக்காமல் இதை எழுதிவிட முடியும். மில்லை எடுத்துவிட்டு ஒரு வங்கிக் கிளையையோ செய்தித்தாள் அலுவலகத்தையோ வைத்தாலும் ஒரு சொல்கூட மாறாது. பொருத்தப்படாத விடையைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை. இன்னொரு நிகழ்வுக்கும் அப்படியே ஒத்துவருகிற பத்தி, இந்த நிகழ்வுக்கு எழுதப்பட்டதாகாது. "அனைத்தையும் இழந்தனர்" என்பதற்கும் ஆதாரம் இல்லை. கூட்டுக் குறிக்கோள் பற்றிப் பத்தியில் ஒரு வரிகூடக் கிடையாது.

இரண்டாம் மாதிரி: "இழப்பீடு முழுமையாக வந்ததால் வேலையின் வெளிப்படையான பயனான வருமானத்துக்குத் தற்காலிக ஈடு கிடைத்துவிட்டது. ஆனாலும் ஃபிட்டர் மூன்று மாதம் கழித்தும் ஆறு மணிக்குப் புறப்படுகிறார். யஹோடா கூறும் மறைபயன்களில் கால ஒழுங்கை அவர் இழந்திருக்கிறார் என்பதை இது காட்டுகிறது. பதினைந்து ஆண்டுக்கு மேல் ஷிப்டு நேரமே அவருடைய நாளை வகுத்திருக்கக்கூடும். அதற்கு மாற்று கிடைக்காததால் பழைய ஒழுங்கையே, வேலை இல்லாமல், தொடர்கிறார். வைண்டிங் தொழிலாளி பணத்தையும் பேச்சுத் துணையையும் பிரித்துச் சொல்வது, வெளிப்படையான பயனும் மறைபயனும் வெவ்வேறு என்ற யஹோடாவின் வாதத்தோடு ஒத்துப்போகிறது. அவருடைய இழப்பு கால ஒழுங்கைவிடக் குடும்பத்துக்கு வெளியிலான பழக்கத்தில் தெரிகிறது."

இரண்டாவது விடையில் ஐந்து கூறுகளில் இரண்டுதான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்தியில் ஒரு மனிதர் இருக்கிறார். கோட்பாட்டின் விளக்கம் தனிப் பத்தியாக இல்லாமல் வாக்கியத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. "வகுத்திருக்கக்கூடும்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஃபிட்டர் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்று பத்தி தனியாகச் சொல்லவில்லை. பெரும்பாலோர் 15 ஆண்டுக்கு மேல் என்றுதான் சொல்கிறது. ஊகத்தை ஊகமாகவே எழுதியதால், பத்தியில் இல்லாததைச் சேர்த்த குற்றம் வரவில்லை.

திருட்டுக்கும் இதே முறைதான். பணம் சொன்ன தேதியில் முழுதாக வந்தது. பங்கீட்டு நீதியில் பெரிய குறை சொல்ல முடியாது. 12 பேரைத் தேர்ந்தெடுத்த அளவுகோலைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி இருந்ததா என்று சோதிக்கவும் வழியில்லை, தவறு என்று முறையிடவும் வழியில்லை. நடைமுறை நீதி இங்கே உடைகிறது. செய்தி ஒரு காகிதமாகக் கேட்டில் ஒட்டப்பட்டது. நேற்று வரை கூட இருந்த சூப்பர்வைசருக்கு அது முன்பே தெரியும். உறவாடல் நீதி இங்கே உடைகிறது. பணத்தில் குறை இல்லாதபோதும் ஆத்திரம் ஏன் வந்தது என்பதற்கு விடை இந்த இரண்டு உடைவுகளில் இருக்கிறது. கிரீன்பெர்க்கின் ஆய்வை இந்த இடத்தில் இரண்டே வாக்கியத்தில் கொண்டுவரலாம். ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அங்கே குறைந்தது சம்பளம், இங்கே போனது வேலையே. திருடியவர் யார் என்று பத்தி சொல்லவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. "தொழிலாளர்கள் திருடினார்கள்" என்று தீர்ப்பு எழுதுவது பத்தியைத் தாண்டிப் போவதாகும். "தொழிலாளர்களின் செயல் என்று கொண்டால்" என்ற நிபந்தனையோடு தொடங்குவதே சரி.

பொருந்தாத வரி

ஆட்டோ இளைஞரைப் பெரும்பாலான விடைகள் விட்டுவிடும். எழுதிய கோட்பாட்டுக்கு அவர் எதிராக நிற்பதுதான் காரணம். அவரும் வேலையை இழந்தவர்தான், ஆனால் மில்லில் இருந்ததைவிட நன்றாக இருக்கிறார். இவரை மறைத்தால் விடை பலவீனமாகும். எடுத்துப் பேசினால் அதுவே மேல்நிலை மதிப்பெண்ணுக்கு வழி.

அவரை இரண்டு விதமாக விளக்கலாம். ஆட்டோ ஓட்டுவது அவருக்கு ஒழுங்கையும் பழக்கத்தையும் அடையாளத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்றால், யஹோடாவின் கோட்பாடு கெடவில்லை. அவர் வேலையில்லாதவரே அல்ல. இன்னொரு விளக்கம் டேவிட் ஃபிரையர் முன்வைத்த மறுப்பிலிருந்து வருகிறது. மனிதர்கள் நிறுவனம் கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு சும்மா இருப்பவர்கள் அல்ல, தாமே திட்டமிட்டுச் செயல்படுபவர்கள். வேலையிழப்பின் பெரிய கொடுமை, பணமும் எதிர்கால நிச்சயமும் இல்லாமல் அந்தத் திட்டமிடும் திறன் கட்டிப்போடப்படுவதே என்றார் அவர். இளைஞரிடம் பணம் இருந்தது, வயது இருந்தது, ஒரு திட்டமும் இருந்தது. ஃபிட்டருக்கும் இழப்பீடு வந்தது, ஆனால் அதைக்கொண்டு தொடங்க அவருக்கு ஏதும் அமைந்ததாகப் பத்தியில் இல்லை. ஆகவே யஹோடாவின் கோட்பாடு ஃபிட்டரை நன்றாக விளக்குகிறது. ஒரே மூடலிலிருந்து இருவர் ஏன் இப்படிப் பிரிந்தார்கள் என்பதை விளக்க ஃபிரையரின் திருத்தம் தேவைப்படுகிறது. இப்படி ஒரு கோட்பாடு எதுவரை செல்லும், எங்கே நிற்கும் என்று அந்தப் பத்தியின் ஆதாரத்தைக்கொண்டே சொல்வதைத்தான் பாடத்திட்டங்கள் மதிப்பீடு என்று குறிக்கின்றன. "இக்கோட்பாடு பழையது", "மேலைநாட்டுக்கே உரியது" என்பது போன்ற பொதுக் குறைகள் இந்த இடத்தை நிரப்பாது.

பரிந்துரை

இரண்டாம் பகுதியில் வரும் பெரும் பிழை, ஆராய்ச்சியை மறந்துவிட்டுப் பொதுவான நல்ல யோசனைகளை எழுதுவது. இழப்பீட்டைக் கூட்டித் தரலாம் என்று எழுதுபவர், சிக்கல் பணத்தில் இல்லை என்று தானே மேலே நிறுவியதை மறுக்கிறார். பரிந்துரை ஒவ்வொன்றும் மேலே காட்டிய ஒரு குறையிலிருந்து பிறக்க வேண்டும்.

உறவாடல் நீதி உடைந்தது என்றால், நோட்டீஸ் ஒட்டும் அன்றே முதலாளி நேரில் நின்று நஷ்டக் கணக்கைக் காட்டிக் கேள்விகளை எதிர்கொண்டிருக்க வேண்டும். சூப்பர்வைசருக்கும் தொழிலாளிக்கும் செய்தி ஒரே நாளில் போயிருக்க வேண்டும். நடைமுறை நீதி உடைந்தது என்றால், 12 இடங்களுக்கான அளவுகோல், அது பணிக்காலமோ திறனோ எதுவானாலும், முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்டு, மறுப்புச் சொல்ல ஒரு வாரம் தரப்பட்டிருக்க வேண்டும். கால ஒழுங்கும் பழக்கமும் போயின என்றால், அந்த 60 நாளிலேயே வேறு மில்களுக்கும் பயிற்சிக்கும் குழுவாக அனுப்பியிருக்கலாம். தனித்தனியே அனுப்புவதைவிட, வைண்டிங் பிரிவுப் பெண்கள் சேர்ந்து போக வழி செய்வது அவர்கள் இழந்த ஒன்றைக் காக்கும். எல்லைகளையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ள வேண்டும். நஷ்டத்தில் மூடும் சிறு மில்லால் எல்லோருக்கும் வேலை தேடித் தர முடியாது. ஆனால் நேரில் பேசுவதற்கும் அளவுகோலை எழுதி ஒட்டுவதற்கும் செலவு ஏறக்குறைய இல்லை.

எழுதும் வரிசை

முன்னுரைக்கு மூன்று வரி போதும். பத்தியைச் சுருக்கிச் சொல்லாமல், விடையையே முதலில் சொல்லிவிடலாம்: எதிர்வினைக்குக் காரணம் பண இழப்பைவிட, மூடப்பட்ட விதமும் வேலையோடு போன மறைபயன்களும். அடுத்து நீதிக் கோட்பாடு. நோட்டீஸும் திருட்டும் முதலில் நடந்தவை. பின்னர் யஹோடா, ஃபிட்டரும் வைண்டிங் பெண்ணும் மூன்று மாதம் கழித்து வருபவர்கள். அதன்பின் ஆட்டோ இளைஞரைக் கொண்டு ஃபிரையர், கடைசியில் பரிந்துரைகள். கால வரிசையில் போவதால் இரண்டு கோட்பாடும் ஒன்றையொன்று இடிப்பதில்லை. மூடும் நாட்களில் எழுந்த ஆத்திரத்தை ஒன்று விளக்குகிறது, மூடிய பின் வந்த வெறுமையை மற்றது விளக்குகிறது. முடிவுரையாக இந்த வேறுபாட்டையே ஒரு வாக்கியத்தில் எழுதினால் இரண்டு கோட்பாடுகளையும் ஒப்பிட்டதாகவும் ஆகிவிடும்.

மீதமிருக்கும் இரண்டு மூன்று நிமிடத்தில் விடையை ஒருமுறை கண்ணோட்டமாகப் பார்த்து, ஒவ்வொரு பத்தியிலும் மில்லிலிருந்து ஒரு மனிதரோ ஒரு நிகழ்வோ இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். இல்லாத பத்தியில் ஒரு வரி சேர்க்க அந்த நேரம் போதும்.